ஓர் ஊரணிக்கு எவ்வளவு? பட்ஜெட்டில் வேலைத் தொகுப்பும் அலகுச் செலவும் ஒட்டாமல் போகும்போது

செயல்பாட்டு வாரியாக பட்ஜெட் போட்டுத் தாருங்கள் என்று நன்கொடையாளர் கேட்டவுடன், பல அமைப்புகள் பழைய பட்ஜெட்டையே எடுத்து வேலைத் தொகுப்பு 1, 2, 3 என்று தலைப்பு மாற்றி அனுப்பிவிடுகின்றன. சம்பளம், பயணம், கட்டுமானம் என்று இருந்த வரிகள் வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். எந்தத் தொகை எந்த வெளியீட்டுக்காகச் செலவாகிறது, ஒரு வெளியீடு கூடினால் எவ்வளவு கூடும் என்று அந்தத் தாளைக் கேட்டால் பதில் வராது. திட்டம் ஓட ஆரம்பித்த பிறகுதான் அது தெரியவரும். கீழே அறிகுறி வாரியாகச் சொல்கிறேன். உங்கள் தாளில் எது தெரிகிறதோ அங்கிருந்து ஆரம்பிக்கலாம். ஆனால் எல்லாமே ஒரே உதாரணத்தில் போகிறது என்பதால், அதை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

உதாரணத் திட்டம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் 6 கிராமங்களில் தலா ஓர் ஊரணியைச் சீரமைக்கும் 18 மாதத் திட்டம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. உங்கள் வட்டார விலை வேறாக இருக்கும். வேலைத் தொகுப்பு நான்கு:

முதலாவது, ஊர்க்கூட்டங்கள் நடத்திக் குழு அமைப்பது. வெளியீடு 6 குழுக்கள். இரண்டாவது, தூர்வாருவதும் படித்துறை கட்டுவதும். வெளியீடு 6 ஊரணிகள். மூன்றாவது, குழு உறுப்பினர்களுக்குப் பயிற்சி. வெளியீடு 120 பேர், கிராமத்துக்கு 20. நான்காவது, திட்ட மேலாண்மை. மொத்தம் ரூ. 56,76,000.

இரண்டாவது தொகுப்பில் சம்பளம் தவிர்த்த நேரடி வேலைச் செலவு இப்படி:

| செலவு | ஊரணிகள் | ஓர் ஊரணிக்கு | அலகு விலை | தொகை |
|---|---|---|---|---|
| மண் வெட்டி அகற்றல் | 6 | 3,000 கன மீட்டர் | ரூ. 110 | 19,80,000 |
| படித்துறை | 6 | 1 | ரூ. 1,50,000 | 9,00,000 |
| வரத்துக்கால் சீரமைப்பு | 6 | 200 மீட்டர் | ரூ. 120 | 1,44,000 |
| பொக்லைன் கொண்டுவர லோ பெட் லாரி | 6 | 1 நடை | ரூ. 15,000 | 90,000 |

கூட்டினால் 31,14,000. இந்த அட்டவணையில் மூன்றாவது பத்திதான் உயிர்நாடி. நன்கொடையாளரிடம் நாம் எண்ணிக் காட்டுவது ஊரணியை. காசு கரைவதோ கன மீட்டரில், மீட்டரில், நடையில். இந்த இரண்டையும் இணைப்பது "ஓர் ஊரணிக்கு எத்தனை" என்ற அந்தப் பத்தி. பெரும்பாலான தாள்களில் அது இருக்கவே இருக்காது. ஊரணிக்கு 5,19,000 என்று ஒரே எண்ணாகச் சுருட்டி வைத்திருப்பார்கள். இனி வரும் சிக்கல்களில் பாதி அந்த ஒரு பத்தி இல்லாததால் வருபவை.

அறிகுறி: இலக்கை மாற்றினால் மொத்தம் அசையவில்லை, அல்லது தப்பாக அசைகிறது

தாளை யாருக்கும் அனுப்புவதற்கு முன் ஒரு பிரதி எடுத்து, ஊரணி எண்ணிக்கையை 6-லிருந்து 7 ஆக மாற்றிப் பாருங்கள். சம்பளம், வாடகை, தணிக்கை எல்லாம் அப்படியே நிற்க, கூட வேண்டியது இவ்வளவுதான்: நேரடி வேலைக்கு 5,19,000, எட்டு ஊர்க்கூட்டங்களுக்கு 12,000, பயிற்சிக்கு 24,000. ஆக 5,55,000. புதிய மொத்தம் 62,31,000 வர வேண்டும். வேறு என்ன எண் வருகிறது என்பதே கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும்.

56,76,000 என்றே நின்றால், 6 என்ற எண்ணை ஒவ்வொரு வரியிலும் கையால் தட்டியிருக்கிறார்கள். எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ `Ctrl + backtick` (எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள விசை) அழுத்தினால் எல்லாக் கட்டங்களும் சூத்திரமாகத் தெரியும். சூத்திரமாக மாறாமல் வெறும் எண்ணாகவே நிற்பவைதான் குற்றவாளிகள். எண்ணிக்கை ஒரே ஒரு இடத்தில், வெளியீடுகளுக்கென்று தனித் தாளில் இருக்கட்டும். பட்ஜெட் வரிகள் அதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும்:

```
=Outputs!$C$4*E5*F5
```

இதில் `E5` ஓர் ஊரணிக்கு எத்தனை என்பது, `F5` அலகு விலை. விலைக்கும் தனித் தாள் வைத்து, எந்தத் தேதியில் யாரிடம் வாங்கிய விலை என்று பக்கத்திலேயே எழுதிவிட்டால் ஆறு மாதம் கழித்து நீங்களே நன்றி சொல்லிக்கொள்வீர்கள்.

66,22,000 வந்தால், எல்லாவற்றையும் 7/6-ஆல் பெருக்கியிருக்கிறது தாள். ஓர் ஊரணி கூடியதற்காக அலுவலக வாடகையும் கணக்காளர் சம்பளமும் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இலக்கோடு கூடும்", "நிலையானது", "படியாகக் கூடும்" என்ற மூன்றில் ஒன்றைக் குறித்து வையுங்கள். நிலையான வரியில் `Outputs` தாளைத் தொடும் சூத்திரம் இருக்கவே கூடாது.

62,27,000 வந்தால், அதாவது 4,000 குறைந்தால், பயிற்சி வரியைப் பாருங்கள். ஒரு குழாமுக்கு 30 பேர், குழாமுக்கு அரங்கும் பயிற்றுநரும் சேர்த்து 12,000. இது போக ஆளுக்குச் சாப்பாடும் பேருந்துக் கட்டணமும் 600. 120 பேருக்கு 4 குழாம்: 48,000 + 72,000 = 1,20,000. ஆளுக்கு 1,000 என்று அழகாக வந்துவிடுகிறது. அந்த 1,000-ஐ அலகுச் செலவாக வைத்து 140-ஆல் பெருக்கினால் 1,40,000. ஆனால் 140 பேரை 4 குழாமில் அடைக்க முடியாது, ஐந்தாவது நடத்தித்தான் ஆக வேண்டும். உண்மைச் செலவு 60,000 + 84,000 = 1,44,000. இதுதான் படியாகக் கூடும் செலவு:

```
=ROUNDUP(Outputs!$C$6/30,0)*12000+Outputs!$C$6*600
```

இங்கே 4,000 சின்னத் தொகை. இதே பிழை பொறியாளர் சம்பளத்தில் இருந்தால் சின்னதாக இருக்காது. மாதம் 35,000 வீதம் 12 மாதத்துக்கு ஒரு பொறியாளரை வைத்திருக்கிறோம். அவர் ஏழாவது ஊரணியையும் பார்த்துக்கொள்வார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்பது, பத்து என்று போனால் இன்னொருவர் தேவைப்படுவார், அல்லது மாதங்கள் கூடும். எந்த எண்ணிக்கை வரை இந்த ஆள் பலம் தாங்கும் என்று அந்த வரியின் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

அறிகுறி: மண் வேலை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் காட்டுகிறது, அல்லது சந்தேகப்படும்படி மலிவாக இருக்கிறது

இது தமிழ்நாட்டு மண் வேலைக்கே உரிய சிக்கல். பொறியாளர் கன மீட்டரில் அளக்கிறார். மண் அள்ளுபவர் "யூனிட்" கணக்கில் விலை சொல்கிறார். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். பொக்லைன்காரர் இரண்டும் இல்லாமல் மணி வாடகை சொல்வார். விலைப்புள்ளியில் "250" என்று இருப்பதை யாரோ அப்படியே கன மீட்டர் விலையாக ஏற்றிவிட்டால், 18,000 கன மீட்டருக்கு 45 லட்சம் வந்து நிற்கும்.

சரி, 250-ஐ 2.83-ஆல் வகுத்துவிட்டோம், 88 ரூபாய் வந்தது, வேலை முடிந்ததா என்றால் இல்லை. அந்த யூனிட் லாரியில் அளந்தது. நம் 3,000 கன மீட்டர் குழியில் அளந்தது. இறுகிக் கிடக்கும் மண்ணை வெட்டிப் போட்டால் அது உப்பும்; சாதாரண மண் சுமார் 25 சதவீதம் கன அளவில் கூடும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். களிமண்ணா, மணல் கலந்ததா என்பதைப் பொறுத்து இது மாறும், உங்கள் பொறியாளரிடம் கேட்டே போடுங்கள். குழியில் ஒரு கன மீட்டர் எடுத்தால் லாரியில் 1.25 கன மீட்டர் ஏறும், அந்த 1.25-க்கும் நாம் காசு கொடுக்க வேண்டும்:

```
=250/2.83*1.25
```

விடை 110.4. அட்டவணையில் உள்ள 110 வந்தது இப்படித்தான். உப்புதலை மறந்து 88 என்று போட்டிருந்தால் மண் வரி 15,84,000-தான் காட்டும், வேலை முடியும்போது 3,96,000 துண்டு விழும். பட்ஜெட் பார்க்க மலிவாக இருப்பதால் ஒப்புதல் வாங்கும்போது யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதுதான் இதன் ஆபத்து.

விலைத் தாளில் அலகு என்ற பத்தியில் "கன மீட்டர்" என்று மட்டும் எழுதாமல் "கன மீட்டர், குழியில் அளந்தது" என்று எழுதுங்கள். ஜி.எஸ்.டி. சேர்த்த விலையா சேர்க்காத விலையா என்பதையும் அங்கேயே. ஒப்பந்தத்திலும் இதே சொற்கள் இருக்க வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் பொறியாளர் லெவல் எடுத்து, அந்த வித்தியாசத்துக்குத்தான் பணம் என்று எழுதிக்கொண்டால், லாரி நடையை எண்ணிச் சண்டை போட வேண்டியதில்லை. லாரி நடை அளவில்தான் பணம் தருவது என்றால் அதுவும் சரியே, ஆனால் பட்ஜெட்டும் அதே அளவில் இருக்க வேண்டும்.

அறிகுறி: ஓர் ஊரணிக்கு எவ்வளவு என்று கேட்டால் மூன்று பேர் மூன்று எண் சொல்கிறார்கள்

பொறியாளர் 5,19,000 என்பார். ஒருங்கிணைப்பாளர் 6,62,333 என்பார். நன்கொடையாளரின் அலுவலர் கால்குலேட்டரைத் தட்டி 9,46,000 என்பார். மூன்று பேர் சொல்வதும் கணக்கில் சரிதான். முதலாவது வெறும் வேலைச் செலவு. இரண்டாவதில் அந்தத் தொகுப்புக்கு ஒதுக்கிய பொறியாளர், களப்பணியாளர், ஒருங்கிணைப்பாளர் சம்பளங்களும் சேர்கின்றன: தொகுப்பு மொத்தம் 39,74,000-ஐ 6-ஆல் வகுத்தது. மூன்றாவது, திட்ட மொத்தத்தை 6-ஆல் வகுத்தது. அதில் பயிற்சியும் தணிக்கையும் ஊர்க்கூட்டமும் சேர்ந்துவிட்டன.

இதைத் தீர்க்க ஒரு எண்ணை "உண்மையான" அலகுச் செலவாகத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. எந்தக் கேள்விக்கு எந்த எண் என்று தாளிலேயே எழுதிவிட வேண்டும். இன்னோர் அமைப்பு தூர்வாரிய செலவோடு ஒப்பிட வேண்டுமா? 5,19,000-ஐ எடுங்கள், அதிலும் கன மீட்டர் விலையைத்தான் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் அவர்கள் ஊரணி உங்களுடையதைப் போல இரண்டு மடங்கு பெரிதாக இருக்கலாம். இதே திட்டத்தை அடுத்த வட்டாரத்தில் முதலிலிருந்து செய்ய எவ்வளவு ஆகும் என்றால் 9,46,000. ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்தில் இன்னோர் ஊரணி சேர்க்க என்ன கேட்கலாம் என்றால் இந்த மூன்றுமே தவறு. மேலே பார்த்த 5,55,000-தான் அதற்கு விடை.

என் அனுபவத்தில், நன்கொடையாளரோடு வரும் மனக்கசப்புகளில் கணிசமானவை இங்கேதான் தொடங்குகின்றன. விண்ணப்பத்தில் 5,19,000 என்று எழுதிவிட்டு இறுதி அறிக்கையில் 9,46,000 வரும்படி கணக்குக் கொடுத்தால், நடுவில் நான்கு லட்சம் எங்கே போனது என்று அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. விண்ணப்பத்திலேயே இரண்டையும், எதில் எது அடக்கம் என்ற ஒரு வரியோடு கொடுத்துவிடலாம்.

அறிகுறி: தொகுப்பு வாரி மொத்தமும் தலைப்பு வாரி மொத்தமும் ஒட்டவில்லை, மேலாண்மை வீங்கித் தெரிகிறது

இரண்டு புகாருக்கும் காரணம் பெரும்பாலும் சம்பளப் பங்கீடு. ஒருங்கிணைப்பாளரின் நேரத்தைச் சதவீதமாகப் பிரித்து, பிறகு ஒரு தொகுப்பை மட்டும் திருத்தியதில் கூட்டல் 110 சதவீதமாகியிருக்கும். சதவீதத்தை விட்டுவிட்டு ஆள்-மாதத்தில் பிரியுங்கள். அவருக்கு 18 மாதம்: நான்கு தொகுப்புகளுக்கும் முறையே 3, 6, 2, 7. இரண்டு களப்பணியாளர்களுக்கு 36 ஆள்-மாதம்: 20, 10, 6, 0. வரிசைக் கடைசியில் கூட்டல் 18-க்கும் 36-க்கும் சமமா என்று ஒரு சரிபார்ப்புக் கட்டம் போதும். மாதத்தில் யோசிக்கும்போது "ஆறு மாதம் இவர் தூர்வாரும் இடத்தில் என்ன செய்வார்?" என்ற கேள்வி தானாக வரும், சதவீதத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

பங்கிடச் சோம்பல்பட்டு எல்லாச் சம்பளத்தையும் நான்காவது தொகுப்பில் கொட்டினால் என்ன ஆகும்? மேலாண்மை 7,90,000-லிருந்து 23,70,000 ஆகும். 14 சதவீதமாக இருக்க வேண்டியது 42 சதவீதமாகத் தெரியும். வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்புகளுக்கு இது பார்வைப் பிரச்சினை மட்டுமில்லை. எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் 2020 திருத்தம், ஓராண்டில் பெறும் வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டது. எது நிர்வாகச் செலவு என்பதை விதிகள் சொல்கின்றன. நாம் எந்தத் தொகுப்பில் போட்டோம் என்பது அதைத் தீர்மானிக்காது. ஆகவே களத்தில் வேலை செய்பவரைக் களத் தொகுப்பில் வையுங்கள், அதற்கு நேரப் பதிவேடும் வைத்திருங்கள். வரம்பைத் தாண்டக் கூடாது என்பதற்காக மட்டும் கணக்காளரைத் தூர்வாரும் தொகுப்பில் காட்டினால் தணிக்கையில் நிற்காது.

மேலாண்மைத் தொகுப்புக்கு வெளியீடு என்ன எழுதுவது என்று திணறுபவர்கள் "திட்டம் சிறப்பாக நிர்வகிக்கப்பட்டது" என்று எழுதுவதைப் பார்க்கிறேன். காலாண்டு அறிக்கை 6, தணிக்கை அறிக்கை இத்தனை என்று எண்ணக்கூடியதை எழுதுங்கள். அதற்கு அலகுச் செலவு கணக்கிட வேண்டாம்; ஓர் அறிக்கைக்கு 1,31,667 ரூபாய் என்று சொல்வதில் யாருக்கும் பயனில்லை.

அறிகுறி: பாதிக் காலத்தில் பணம் 60 சதவீதம் போய்விட்டது, முடிந்த ஊரணி இரண்டுதான்

மண் வேலைக்கு வைத்த 19,80,000-ல் 11,88,000 செலவாகிவிட்டது. ஊரணி 6-ல் 2 முடிந்திருக்கிறது. அலுவலகத்தில் பதற்றம். இங்கேதான் அந்த மூன்றாவது பத்தி கைகொடுக்கிறது.

முதலில் அளவுப் புத்தகத்தை எடுங்கள். முடிந்த இரண்டும் பெரிய ஊரணிகள்: 4,200-ம் 3,900-மாக 8,100 கன மீட்டர். மூன்றாவதில் 1,800 வெட்டியாகிவிட்டது. ஆக 9,900, மொத்த 18,000-ல் இது 55 சதவீதம். ஊரணியை எண்ணினால் 33 சதவீதம், மண்ணை அளந்தால் 55. பதற்றத்தில் பெரும்பகுதி இத்தோடு தீர்ந்தது. சராசரி 3,000 என்று எல்லாவற்றுக்கும் ஒரே எண் வைத்ததன் விளைவு இது. ஊரணி வாரியாக அளவு எழுதியிருந்தால் பதற்றமே வந்திருக்காது. இன்னும் திட்டம் தொடங்காதவர்கள் `Outputs` தாளில் ஊரணிக்கு ஒரு வரிசை போட்டுவிடுங்கள்.

மீதி 5 சதவீதம் எங்கே? 9,900 கன மீட்டருக்குத் திட்டமிட்ட விலையில் 10,89,000 ஆகியிருக்க வேண்டும். ஆனது 11,88,000. வித்தியாசம் 99,000. 11,88,000-ஐ 9,900-ஆல் வகுத்தால் 120. ஆக, கன மீட்டருக்கு 10 ரூபாய் விலை ஏறியிருக்கிறது. அளவில் எந்தத் தவறும் இல்லை. டீசல் ஏறியதா, மண் கொட்டும் இடம் தூரமாகிவிட்டதா, உப்புதல் 25-க்கு மேல் போய்விட்டதா என்று இப்போது குறிப்பாகத் தேடலாம்.

இதே விலையில் போனால் மீதி 8,100 கன மீட்டருக்கு 9,72,000 வேண்டும். கையிருப்பு 7,92,000. குறைவது 1,80,000. நன்கொடையாளருக்கு எழுதும்போது இந்த மூன்று எண்ணும் கடிதத்தில் இருக்கட்டும். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு முன் அனுமதியின்றி எத்தனை சதவீதம் மாற்றலாம் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும். அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள்.

கூடுதல் பணம் கிடைக்காவிட்டால், கையிருப்பில் 6,600 கன மீட்டர்தான் வெட்ட முடியும். ஆறு ஊரணியையும் முடித்ததாக அப்போதும் காட்டலாம். மீதி வேலையை ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பதில் சுமார் 80 சென்டிமீட்டரில் நிறுத்தினால் போதும், எண்ணிக்கை 6 குறையாது. பல திட்டங்களில் நடப்பது இதுதான், அறிக்கையில் தெரிவதும் இல்லை. ஆனால் வெட்டாமல் விட்ட அந்த 1,500 கன மீட்டர், 15 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்க வேண்டிய இடம். வெளியீட்டுத் தாளில் "6 ஊரணிகள்" என்பதற்குப் பக்கத்தில் "18,000 கன மீட்டர் கூடுதல் கொள்ளளவு" என்றும் எழுதியிருந்தால், ஆழத்தைக் குறைக்கும் முடிவை அந்த ஊர்க் குழுக்களிடம் சொல்லி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே எடுக்க வேண்டிவரும். ஒரு படித்துறையை விட்டுவிட்டு 1,50,000-ஐ மண் வேலைக்குத் திருப்பலாமா என்பதையும் அதே கூட்டத்தில் வைக்கலாம். அப்படிச் செய்தால் குறைவது 30,000 மட்டும், அதாவது 250 கன மீட்டர்.